மென்பொருள் பிழையை எழுதி அனுப்புவது எப்படி?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலியில் ஏதாவது கோளாறு வந்தால் நாம் வழக்கமாக என்ன எழுதுகிறோம்? "சார், செயலி வேலை செய்யவில்லை. உடனே சரி செய்யவும்." அந்தப் பக்கமிருந்து என்ன பதில் வருகிறது? "எங்களுக்கு நன்றாகத்தானே வேலை செய்கிறது." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நம் கணினியில் வந்த பிழை அவர் கணினியில் வரவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருளை உருவாக்குபவர் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால், முதலில் அந்தப் பிழை அவர் கண் முன்னால் நடக்க வேண்டும். நடந்தால்தான் எந்த வரியில் தவறு என்று தேடுவார். திருத்திய பிறகு, அதே பிழை இப்போது வரவில்லை என்று உறுதி செய்துகொள்வார். ஆகவே நாம் எழுதுவது புகார்க் கடிதம் அல்ல. அதே பிழையை அவர் மேசையிலும் வரவழைப்பதற்கான செய்முறைக் குறிப்பு. அறிவியல் ஆய்வகத்தில் மாணவர்களை எழுதச் சொல்கிறோமே, தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன என்று, அதே முறைதான்.

ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்ப்போம். செயலியின் பெயர் நமக்கு வேண்டாம். மாணவர் பட்டியலை எக்செல்லில் தட்டச்சு செய்து, சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, பிரவுசர் வழியாக ஏற்றும் ஒரு செயலி. ஐந்தாம் வகுப்பில் 40 பிள்ளைகள். ஏற்றிய பிறகு பார்த்தால் பலருக்குப் பிறந்த தேதி இருக்கும் இடத்தில் Invalid Date என்று வருகிறது. மற்றவர்களுக்குத் தேதி வந்திருக்கிறது. வகுப்பாசிரியர் எழுதியது இது: "பலருக்குப் பிறந்த தேதி வரவில்லை. அவசரம்."

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. Invalid Date என்று வந்தவர்களை நாம் கையால் திருத்திவிடுவோம். தேதி வந்திருக்கிறதே, அவர்கள் சரியாக இருக்கிறார்களா? சேர்க்கைப் பதிவேட்டை வைத்து ஒப்பிட்டபோது, 12 மே 2014 அன்று பிறந்த பிள்ளைக்கு 5 டிசம்பர் 2014 என்று பதிவாகியிருந்தது. திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. இந்தத் தேதி மாற்றுச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை போய்விட்டால், அந்தப் பிள்ளை வயதுக்குச் சான்று காட்டும் ஒவ்வோர் இடத்திலும் அலைய வேண்டியிருக்கும்.

அறிக்கை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, பிழையைச் சுருக்குவது. 40 பேர் பட்டியலை அப்படியே அனுப்பினால் உருவாக்குநர் எதைப் பார்ப்பது என்று திகைப்பார். தவிர, பிள்ளைகளின் சொந்த விவரங்களும் வெளியே போகும். எனவே பெயருக்குப் பதில் எழுத்துகளைப் போட்டு, மூன்றே பிள்ளைகள் உள்ள ஒரு சிறிய கோப்பை நோட்பேடில் தயாரித்துக்கொள்ளலாம்.

```
name,dob
A,25/05/2014
B,12/05/2014
C,05/05/2014
```

இதை ஏற்றியபோது Aக்கு Invalid Date வந்தது. Bக்கு 05/12/2014 வந்தது. Cக்கு 05/05/2014 என்று சரியாக வந்தது. மூன்று வரியில் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. செயலி முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொள்கிறது. 25 என்று ஒரு மாதம் இல்லை, அதனால் Aக்குப் பிழை. 12 என்று மாதம் உண்டு, அதனால் B டிசம்பரில் பிறந்தவராகிவிட்டார். Cக்கு நாளும் மாதமும் ஒரே எண் என்பதால் தப்பித்தார். இரண்டு வேறு கோளாறுகள் என்று நினைத்தது உண்மையில் ஒரே கோளாறு.

அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவது வழக்கம். பிரவுசருக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும், சாய்கோடு போட்ட தேதியை அப்படித்தான் படிக்கிறது. இந்தக் காரணம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று வரிகளையும் அவற்றின் விளைவையும் கொடுத்தாலே போதும், உருவாக்குநர் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். உருவாக்குநருக்கு முதலில் தோன்றுவது, "உங்கள் கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கும்" என்பதுதான். அதை இந்தியா என்று மாற்றிவிட்டு மறுபடி ஏற்றினோம். அதே விளைவு. குரோமுக்குப் பதில் பயர்பாக்ஸில் ஏற்றினோம். அங்கும் அதே விளைவு. இந்த இரண்டு வரிகளை அறிக்கையில் சேர்த்தால், இரண்டு மூன்று நாள் நடக்கும் கேள்வி பதில் மிச்சமாகும்.

இனி அறிக்கையைப் பாருங்கள்.

தலைப்பு: சி.எஸ்.வி. கோப்பை ஏற்றும்போது பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன.

பதிப்பு: செயலி 2.3.1. குரோம் 126.0.6478.127. விண்டோஸ் 10, 22H2.

செய்முறை:
1. ஆசிரியர் கணக்கில் உள்நுழைந்தேன்.
2. "மாணவர் பட்டியல்" பக்கத்தில் "கோப்பை ஏற்று" பொத்தானை அழுத்தினேன்.
3. இணைத்துள்ள test.csv கோப்பைத் தேர்ந்தெடுத்து "சேமி" என்பதை அழுத்தினேன்.
4. பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

எதிர்பார்த்தது: 25/05/2014, 12/05/2014, 05/05/2014.

நடந்தது: Invalid Date, 05/12/2014, 05/05/2014.

எத்தனை முறை: 5 முறை முயன்றேன், 5 முறையும் இதே விளைவு. கடைசியாக முயன்றது ஜூலை 8, காலை 11.20.

வேறு சோதனைகள்: கணினியின் தேதி அமைப்பை இந்தியா என மாற்றியும், பயர்பாக்ஸில் ஏற்றியும் இதே விளைவு.

இணைப்பு: test.csv, ஸ்கிரீன்ஷாட் ஒன்று.

அவ்வளவுதான். "அவசரம்" என்ற சொல் இதில் இல்லை. தவறான தேதி எச்சரிக்கை இல்லாமல் பதிவாகிறது என்பதைப் படித்தாலே அவசரம் புரியும்.

பதிப்பு எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "புதிய பதிப்புதான் வைத்திருக்கிறேன்" என்று எழுதக் கூடாது. நாம் எழுதும் நாளில் புதியது, அவர் படிக்கும் நாளில் பழையதாகியிருக்கலாம். எண்ணைத்தான் எழுத வேண்டும். குரோமில் முகவரி எழுதும் இடத்தில் chrome://version என்று தட்டச்சு செய்தால் முதல் வரியிலேயே எண் வரும். விண்டோஸில் தேடும் கட்டத்தில் winver என்று எழுதி என்டர் அழுத்தினால் ஒரு சிறிய பெட்டியில் வரும். ஆண்ட்ராய்டு போனில் செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, செயலித் தகவல் பக்கத்துக்குப் போனால், அதன் அடியில் செயலியின் பதிப்பு எண் இருக்கும். போனாக இருந்தால் அதன் மாடலையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட். கணினித் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறோம். கோடு கோடாகத் தெரியும், எழுத்து படிக்க வராது. விண்டோஸ் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால் முழுத் திரையும் படமாகி, பிக்சர்ஸ் உறையில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உறைக்குள் சேமிக்கப்படும். பிழை வந்த கட்டத்தை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். மேலே இருக்கும் முகவரி வரி, நாம் எந்தப் பக்கத்தில் இருந்தோம் என்பதைச் சொல்லும்.

பிழைச் செய்தி இருந்தால் படத்தோடு நிறுத்தாமல், அதே சொற்களை எழுத்திலும் எழுதுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை உருவாக்குநரால் தன் நிரலுக்குள் தேட முடியாது. அதேபோல் கோப்பின் படத்தை அனுப்பினால் பயனில்லை. கோப்பையே அனுப்ப வேண்டும், அப்போதுதான் அவர் ஏற்றிப் பார்க்க முடியும்.

மாணவர் பெயர், ஆதார் எண், பெற்றோர் தொலைபேசி எண் இவை படத்தில் இருக்கக் கூடாது. போனில் உள்ள மார்க்கர் பேனாவால் தீட்டி மறைப்பது போதாது. அது முழுவதும் மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரியும். கறுப்பு நிறம் நிரப்பிய கட்டத்தை மேலே வைத்து மறைக்க வேண்டும். நம் test.csv போல் எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதித்தால் அந்தக் கவலையே இல்லை.

எல்லாப் பிழையும் இப்படி ஒவ்வொரு முறையும் வராது. சில நேரம் வரும், சில நேரம் வராது. அப்போது "அடிக்கடி வருகிறது" என்று எழுதாமல், "10 முறை முயன்றதில் 3 முறை வந்தது" என்று எழுதுங்கள். வந்த நேரத்தை நிமிடம் வரை குறியுங்கள். சர்வரில் ஒவ்வொரு செயலும் நேரத்தோடு பதிவாகியிருந்தால், அந்த நிமிடத்தை வைத்து உருவாக்குநர் தேடிப் பார்க்க முடியும்.

நிறைவாக ஒன்று. "சரி செய்துவிட்டோம்" என்று பதில் வந்ததும் நம் வேலை முடியவில்லை. அதே test.csv கோப்பை மறுபடி ஏற்றி மூன்று வரிகளும் சரியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வந்தாலும், நிரல்தான் திருந்தியது. ஏற்கெனவே தவறாகப் பதிவான தேதிகள் தாமாகத் திருந்தா.

ஆண்டின் 365 நாள்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். 12ஆம் தேதிக்குப் பிறகு வரும் 221 நாள்களில் Invalid Date வரும். நாளும் மாதமும் ஒன்றான 12 நாள்கள் தப்பிக்கும். மீதி 132 நாள்களில் பிறந்தவர்களுக்குத் தேதி சத்தமில்லாமல் மாறியிருக்கும். 40 பேர் உள்ள வகுப்பில் சராசரியாக 14 பேர். திருத்தத்துக்கு முன் ஏற்றிய பட்டியலில், பதிவேட்டின்படி 1 முதல் 12ஆம் தேதிக்குள் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தால்தான் இந்தப் பிழை முடிந்தது என்று சொல்ல முடியும்.