மூன்று கற்கள்
(கதை சொல்லும் மாலையில் ஆற்றிய உரை)

இம்மாலையில் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்று பணித்திருக்கிறார்கள். அரசன் கதையும் நரியின் கதையும் சொல்ல என்னைவிட வல்லவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஒரு பேருந்தின் கதையைச் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் தங்கை வீட்டில் இருந்த அம்மாவை வந்தவாசிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. கடந்த புயல் கலைந்துவிடும் என்று எல்லோரும் எண்ணினோம். அதுவோ நகர மனமின்றி உள்நாட்டின் மேல் நின்று பொழிந்தது. நாங்கள் ஏறியது திருவண்ணாமலைப் பேருந்து. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக ஆறு மணி நேரத்தில் போய்ச் சேரும். அங்கிருந்து சேத்துப்பட்டு வழியாக ஊர்.

பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். பொழுது சாய்வதற்குள் உண்டுவிடுவது அம்மாவின் வழக்கம். கிருஷ்ணகிரியை நெருங்கும்போதே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறினார். அன்றிரவே வீட்டில் இருப்போம் என்ற கணக்கில் மீதி இரண்டு இட்லியை எதிர் இருக்கைக் குழந்தைக்குக் கொடுத்தார். எங்களுக்கு முன் இருக்கையில் ஓர் இளைஞன். திருவண்ணாமலைக்காரன். ஓயாமல் கைப்பேசியில் எண்ணை அழுத்துவதும் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். அன்று மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்த செய்தி அதற்குள் பரவியிருந்தது. அவனுடைய பெற்றோர் குடியிருப்பதும் மலையடிவாரத் தெருவொன்றில்தான். அங்கே மின்சாரம் இல்லை, தொடர்பும் கிடைக்கவில்லை.

மத்தூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். முகப்பு விளக்கின் ஒளியில் சாலை முடிந்து நீர் தொடங்கியது. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக, சருகும் நுரையுமாக, சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. அகலம் ஐம்பது அடி இருக்கலாம். அப்பால் தார்ச்சாலை மீண்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதுதான் எல்லோருக்கும் ஆசை காட்டியது.

இளைஞன் எழுந்து முன்னால் சென்றான். “அண்ணே, முழங்கால் அளவுதானே இருக்கும்? இவ்வளவு பெரிய வண்டி போகாதா?”

ஓட்டுநர் ஐம்பதைக் கடந்தவர், உரக்கப் பேசாதவர். “நிற்கிற தண்ணீர் என்றால் ஆழம் பார்த்துப் போகலாம் தம்பி. மெதுவாக, விசையை விடாமல் மிதித்துக்கொண்டு கடந்துவிடலாம். இது ஓடுகிற தண்ணீர். வண்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு அகலமான பலகையை வெள்ளத்துக்குக் காட்டுகிறோம். பாதிச் சக்கரம் மூழ்கினால் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதற்கும் கீழே தார் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா, யார் கண்டது?”

“எங்கள் அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள் அண்ணே.” குரல் உடைந்தது. பின்னிருக்கைகளிலிருந்து, “போகலாம், போகலாம்” என்று சிலர் சேர்ந்துகொண்டனர். “வேண்டாம்” என்று பெண்கள் சிலர். வண்டிக்குள் ஒரு சிறிய கலகமே மூண்டது. நடத்துநர் எவ்வளவு சொல்லியும் அடங்கவில்லை.

அப்போது ஓட்டுநர் செய்த காரியத்தைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். அவர் வாதாடவில்லை. இறங்கிப் போய்ச் சாலையோரத்தில் மூன்று கற்களைத் தேடி எடுத்தார். முதல் கல்லை நீர் விளிம்பிலேயே வைத்தார். அங்கிருந்து நம் பக்கமாக இரண்டு முழம் தள்ளி இரண்டாவது. மேலும் இரண்டு முழம் தள்ளி மூன்றாவது. நடத்துநரிடமிருந்த டார்ச் விளக்கை வாங்கி அந்த இளைஞனிடமே கொடுத்தார்.

“அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிரு தம்பி. தண்ணீர் முதல் கல்லை விட்டு அந்தப் பக்கம் பின்வாங்கினால் வடிகிறது என்று பொருள், காத்திருந்து போகலாம். இந்தப் பக்கம் ஏறினால் நீயே வந்து சொல்.”

சாலையில் மிக மெல்லிய சரிவுதான். நீர் ஒரு விரற்கடை உயர்ந்தாலும் விளிம்பு முழக்கணக்கில் முன்னால் வந்துவிடும். ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாத இருட்டில், ஏறுகிறதா வடிகிறதா என்பதை மட்டும் அந்தக் கற்கள் காட்டிவிடும். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. நேரத்தைக் கடத்துகிறார் என்றே நினைத்தேன்.

அவன் மழையில் நனைந்தபடி நின்றான். அம்மா தம் குடையைக் கொடுத்தனுப்பினார். அவன் அதை விரித்துக் கற்களுக்கு மேல் ஒளி சிதறாதபடி பிடித்துக்கொண்டானே தவிர, தன் தலைக்குப் பிடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் முதல் கல் மறைந்தது. இரண்டாவது கல்லின் அடியை நீர் தொட்டபோது அவன் குனிந்து அதையே பார்த்தான். வண்டிக்குள் பேச்சு அடங்கிவிட்டது. எல்லோரும் கண்ணாடி வழியே அந்த விளக்கொளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி ஆகவில்லை. அவன் திரும்பி நடந்து வந்து படியில் நின்றான்.

“இரண்டும் முழுகிவிட்டன அண்ணே. வண்டியைத் திருப்புங்கள்.”

திருப்புவது எளிதாக இருக்கவில்லை. இருபுறமும் பள்ளம். நடத்துநர் பின்னால் நின்று விசில் கொடுக்க, அவனே பக்கவாட்டில் நின்று விளக்குப் பிடிக்க, முன்னும் பின்னுமாக ஏழெட்டு முறை நகர்த்தி வண்டி திரும்பியது. மத்தூருக்கே வந்து மேடான இடத்தில் இருந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். நடத்துநர் பயணச்சீட்டுக் கணக்கை வைத்துத் தலைகளை எண்ணினார். முப்பத்தெட்டுப் பேரும் இருந்தோம். இரவெல்லாம் மழை கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. யாரோ தேநீர் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அம்மா கையால் மறுத்துவிட்டு, அந்த இளைஞனைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்து, தம் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினார். அவன் ஒன்றும் பேசவில்லை.

விடிந்தபின் செய்திகள் வந்தன. ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. பேருந்து நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிச் சென்றதைக் கைப்பேசித் திரையில் பார்த்தோம். நாங்கள் முந்தைய இரவு போயிருக்க வேண்டிய சாலை அது. ஓட்டுநரும் பார்த்தார், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சக்கரங்களைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார்.

கிருஷ்ணகிரிக்குத் திரும்பினோம். அங்கே நடத்துநர் எங்களை வேலூர் செல்லும் பேருந்தில் ஏற்றிவிட்டார். கதிரவன் முகம் தெரியவில்லை என்றாலும் பொழுது புலர்ந்துவிட்டதால் அம்மா உப்புமா உண்டார். முந்தைய நாள் கொடுத்துவிட்ட இரண்டு இட்லியைப் பற்றி அப்போதுதான் சிரித்துக்கொண்டார். வாணியம்பாடியைத் தாண்டி ஆம்பூரை நெருங்கியபோது இளைஞனின் கைப்பேசி ஒலித்தது. அறியாத எண். எடுத்தவன் எதிர்முனைக் குரலைக் கேட்டதும் இருக்கையின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டான். பேசியவர் அவனுடைய அப்பா. முன்னிரவிலேயே தெருவைக் காலி செய்யச் சொல்லி, அவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்களாம். பக்கத்தில் இருந்த ஒருவரின் கைப்பேசியை வாங்கிப் பேசினார்.

“உன் பேருந்து ஊத்தங்கரை வழியாகத்தானே வரும்? நேற்று மாலையிலிருந்து உன்னை நினைத்துத்தானடா நாங்கள் தூங்கவில்லை” என்று அவர் சொன்னது, ஓடும் பேருந்தின் இரைச்சலிலும் எங்களுக்குக் கேட்டது.

அவன் வேலூரில் இறங்கிப் போளூர்ப் பேருந்தைத் தேடிப் போனான். குடையைத் திருப்பித் தர மறந்துவிட்டான், அம்மாவும் கேட்கவில்லை. நாங்கள் ஆரணி வழியாக வந்தவாசி வந்து சேர்ந்தபோது திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணி. முற்றத்தில் முருங்கை மரம் முறிந்து கிடந்தது. அம்மா பையை இறக்கிவைத்துவிட்டு, கீரையாவது வீணாகாமல் இருக்கட்டும் என்று கிளைகளை ஒடிக்க உட்கார்ந்துவிட்டார்.