படத்தில் தெரியாத ஆழம்



நாய்க்கடி என்றதும் இப்போதெல்லாம் பல வீடுகளில் கை முதலில் போவது கைப்பேசிக்குத்தான். பள்ளி விட்டு வந்த எட்டு வயதுப் பெண்ணின் கெண்டைக்காலைத் தெருநாய் கவ்விவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அம்மா பதறிப்போய்க் காலைப் படமெடுத்து, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தன் அண்ணனுக்கு அனுப்புகிறார். "அண்ணே, பாருங்க, ஆழமா இருக்கா? ஊசி போடணுமா?" அண்ணன் பெரிதாக்கிப் பார்க்கிறார். இரண்டு சின்னப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு சிவந்த கோடு. "ஒண்ணும் இல்லம்மா, லேசாப் பல்லு பட்டிருக்கு. மஞ்சள் வெச்சு விடு" என்கிறார்.

அண்ணன் மீது தப்பில்லை. படம் அப்படித்தான் காட்டும். நாயின் கோரைப்பல் கூர்மையானது. தோலைக் குத்தி உள்ளே போய் வெளியே வந்ததும் தோல் தன் இழுவையால் மூடிக்கொள்ளும். மேலே புள்ளிதான் தெரியும். உள்ளே சதை வரை துளை போயிருக்கலாம். ஓடும்போது பல் இழுத்துக் கிழித்த காயமோ அகலமாக, ரத்தம் வழிய, பார்க்கவே பயங்கரமாக இருக்கும். ஆழம் அதிகம் இருக்காது. ஆகவே படத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான காயத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். போதாததற்கு, பிளாஷ் வெளிச்சம் பள்ளத்தைச் சமமாகக் காட்டும். காய்ந்த ரத்தம் துளையை மறைக்கும். எச்சில் எந்தப் படத்திலும் தெரியாது.

சரி, ஆழம் எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டுமா? தையல், நரம்பு, சீழ் என்று வரும்போது அது முக்கியம். வெறிநோய்த் தடுப்பூசிக்கு வேறு கேள்வி: தோல் உடைந்ததா, ரத்தம் வந்ததா? உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. நாயைத் தொட்டோம், சோறு போட்டோம், காயமில்லாத தோலை அது நக்கியது என்றால் முதல் வகை, ஊசி வேண்டாம். பல்லோ நகமோ பட்டுச் சிராய்ப்பு, ஆனால் ரத்தம் இல்லை என்றால் இரண்டாவது, தடுப்பூசி வேண்டும். ரத்தம் எட்டிப் பார்த்துவிட்டால், ஒரு துளியே ஆனாலும், மூன்றாவது வகை. ஏற்கெனவே இருந்த புண்ணிலோ, கண், வாய்க்குள்ளோ எச்சில் பட்டாலும் இதே வகைதான். இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும்.

நம் சிறுமிக்கு இரண்டு புள்ளிகளிலும் ரத்தம் கசிந்தது. முதலில் துடைத்துவிட்டுப் படமெடுத்ததால் அண்ணனுக்கு அது தெரியவில்லை. ஆக அவள் மூன்றாவது வகை. நேரில் பார்க்கும்போதுகூடச் சந்தேகம் வந்தால், தோல் உடைந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வதுதான் முறை. "நகக்கீறல்தானே, கடி இல்லையே" என்று விடவும் முடியாது. நாய் தன் காலை நக்கும் பிராணி.

படமெடுத்து, பதில் வரும்வரை காத்திருந்த நேரத்தில் அம்மா செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: கழுவுவது. குழாயடியில் காலை நீட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, முழுசாகப் பதினைந்து நிமிடம். நம் வானொலியில் மூன்று பாட்டு ஓடி முடியும் நேரம். நாம் பொதுவாகக் கழுவுவது ஒரு பல்லவிக்குக்கூட வராது. குளியல் சோப்போ துணிச் சோப்போ, எதுவும் ஆகும். வெறிநோய் வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடும் தண்ணீர் மிச்சத்தை அடித்துக்கொண்டு போகும். குழாய் இல்லாத வீட்டில் ஒருவர் செம்பால் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். ரத்தம் பீறிட்டால் மட்டும் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். கழுவியபின் போவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் கூடாது. இவை காயத்தை உறுத்திப் புண்ணாக்குவதோடு, டாக்டர் பார்க்க வேண்டியதையும் மறைத்துவிடும். கட்டும் போட வேண்டாம். படம் எடுத்தே ஆக வேண்டுமா, கழுவி முடித்தபின் எடுங்கள். எந்த இடம், எத்தனை குத்து என்று காட்ட அது உதவும்.

அடுத்து மருத்துவமனை, அன்றைக்கே. அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசியைத் தோலுக்குள் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் இரு தோள்களிலும் 0.1 மில்லி வீதம். சிறிதாகப் புடைத்து எழும்பினால் ஊசி சரியாக ஏறியது என்று அர்த்தம். திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அது பூஜ்ய நாள். மூன்றாம் நாளான வியாழன், ஏழாம் நாளான அடுத்த திங்கள், பிறகு இருபத்தெட்டாம் நாளான திங்கள். தசையில் போடும் முறையில் பதினான்காம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் சொல்வது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தின் கதை. அது வழக்கொழிந்து பல வருடமாகிறது.

தடுப்பூசி போட்டதும் உடம்பில் எதிர்ப்பு உடனே வந்துவிடாது. ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து. வைரஸ் காயத்தருகே உள்ள நரம்புக்குள் புகுந்து மூளையை நோக்கி நகரும். மூளையை எட்டி, தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. இம்யூனோகுளோபுலின் ரெடிமேடான எதிர்ப்பு. அதைக் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் செலுத்த வேண்டும். குதிரையிலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 40 யூனிட். நம் சிறுமி 20 கிலோ, 800 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் உள்ள மருந்தில் இது மூன்று மில்லிக்குச் சற்றுக் குறைவு. குழந்தைக்கு வலிக்கும், அழுவாள். வலிக்கிறது என்று கையில் போடச் சொல்லாதீர்கள், வைரஸ் இருப்பது காலில். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் இதைப் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு போட்டுப் பயனில்லை. சிறிய மருத்துவமனையில் இது இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். தையல் போடுவதையும் கூடியவரை தள்ளிப்போடுவார்கள். தைக்கும் ஊசி வைரஸை உள்ளே தள்ளிவிடக் கூடும்.

"நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பார்ப்போம்" என்று ஒரு வாதம் வரும். நாயைப் பத்து நாள் கவனிப்பது சரிதான். ஆனால் ஊசியை அதுவரை நிறுத்தி வைக்கக் கூடாது. தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். தெருநாய் மறுநாளே கண்ணில் படாமல் போகலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிறுமிக்கு எல்லா ஊசியும் முடிந்ததும் அந்தச் சீட்டைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு நாய் கடித்தால் அவளுக்குப் பூஜ்ய நாளும் மூன்றாம் நாளுமாக இரண்டே முறை ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. சோப்பும் தண்ணீரும் மட்டும் அப்போதும் அதே பதினைந்து நிமிடம்தான்.