பழமொழியே பல்லவியாக



பழமொழியைப் பாட்டில் பொதிவது நமக்குப் புதிதன்று. முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூற்றில் ஒவ்வொரு வெண்பாவும் ஒரு பழமொழியைத் தாங்கி நிற்கிறது. அங்கே பழமொழி பெரும்பாலும் செய்யுளின் ஈற்றில் வரும். பல்லவியில் வைத்தாலோ அது முதலிலேயே வந்துவிடுகிறது. கேட்போர் முடிவை முன்னரே அறிந்துவிட்ட பின், சரணம் செய்ய வேண்டுவது யாது? நம் குழந்தைகளுக்காகப் பாட்டொன்று புனைந்தபோது இவ்வினாவே எம்மை எதிர்கொண்டது.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பதைப் பல்லவியாகத் தெரிந்தோம். ஆதி தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கையில் "ஆற்றிலே போட்டாலும்" அமைந்தது. எஞ்சிய நான்கில் "அளந்து போடு" அமைந்தது. ஆனால் பாடிய சிறுவர்கள் இடத்தை நிரப்ப அகரத்தை நீட்டினர். "ஆளந்து" என்று ஒலித்தது. குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். ஆகவே "அளந்து" என்பதை விரைந்து சொல்லி, "போ" என்னும் நெடிலில் இசையை நீட்டச் செய்தோம். குறை நீங்கியது.

அடுத்த பிழை எம்முடையதே. "காசைச் சேர்த்து வை, கையை மூடி வை" என்று முதற் சரணம் எழுதினோம். ஒத்திகையில் ஒரு சிறுமி கேட்டாள்: "யமுனைப் பாலத்தில் ரயிலிலிருந்து காசு போடுகிறார்களே, அது தவறா?" நாங்கள் நாணினோம். பழமொழி "போடாதே" என்று கூறவில்லை. போடுவதன் அளவை அறிந்து போடு என்றே கூறுகிறது. எம் சரணமோ அதனைக் கஞ்சத்தனத்தின் பாட்டாக்கிவிட்டது. அன்றியும், பல்லவி ஏவியதையே சரணமும் ஏவியதால், திரும்பி வந்த பல்லவி வெறும் எதிரொலியாயிற்று.

ஆதலின் ஏவலை விடுத்து, ஒரு நிகழ்ச்சியை அமைத்தோம்:

வாசல்வந்த பேருக்கெல்லாம் வாரித்தந்தாள் பாட்டி;
மாலைவந்தால் படியெடுத்து மிச்சம்பார்ப்பாள் பாட்டி;
"ஈந்ததற்கும் கணக்குண்டோ?" என்றுகேட்டான் பேரன்;
இன்முகத்தால் அவனைநோக்கி என்னசொன்னாள் பாட்டி?

இச்சரணத்தில் ஆறும் இல்லை, அளத்தல் என்ற சொல்லும் இல்லை. வாரிக் கொடுப்பவளே கணக்கும் பார்க்கிறாள். ஆதலால் கஞ்சத்தனம் என்ற ஐயம் எழ இடமில்லை. இறுதி அடி வினாவாக நிற்கிறது. அதற்கு விடையாகப் பல்லவி வந்தே தீரவேண்டும். பாட்டியின் வாய்மொழியாகவே வருகிறது.

சரணம் பொருந்தியதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. பல்லவியைப் பாடாமல் சரணத்தை மட்டும் பாடி நிறுத்துங்கள். கேட்பவர் தாமாகவே பழமொழியைச் சொன்னால் சரணம் பொருந்தியது, "பிறகு?" என்று கேட்டால் மீண்டும் எழுதவேண்டியதுதான்.

அச்சோதனையை இப்போது உங்களிடமே வைக்கிறோம். குழந்தைகள் இதோ மேடைக்கு வருகின்றனர். சரணம் முடிந்ததும் அவர்கள் வாய்மூடி நிற்பார்கள். பாட்டி சொன்னதை நீங்களே சொல்லியருள வேண்டும்.