கை போகும் வழியே சொல்

(ஆங்கில விரிவுரைக் காணொளிகளைத் தமிழில் குரல்மாற்ற முன்வந்த ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



திரைப்படத்தில் நாம் முகத்தைப் பார்க்கின்றோம். விரிவுரையில் மாணவன் பார்ப்பதோ கரும்பலகையில் இயங்கும் கையை. எனவே விரிவுரைக்குத் தரும் தமிழ்க்குரல் முதற்கண் கையோடு பொருந்துதல் வேண்டும். வாயோடு பொருந்துவது அதற்கு அடுத்த நிலையே.

ஒரு தொடரைக் காண்போம். ஆசிரியர் நியூட்டனின் இரண்டாம் விதியைச் சொல்லிக்கொண்டே F = ma என்று எழுதுகின்றார். விசை, நிகர், நிறை, பெருக்கல், முடுக்கம் எனப் பொருள்படும் ஐந்தே ஆங்கிலச் சொற்கள். எண்ணினால் பத்து உயிரொலிகள். எழுதி முடிக்க மூன்று நொடி என்று கொள்வோம். இதனை, 'விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்க வருவதாகும்' என்று பெயர்த்தால் இருபத்திரண்டு உயிரொலிகள் ஆகின்றன. நொடிக்கு ஐந்து வீதம் நிறுத்திச் சொன்னால் நான்கு நொடி கடந்துவிடும். நம் குரல் முடியுமுன் ஆசிரியர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். விரைந்து சொல்லி நெருக்கினாலோ மாணவன் எழுதிக்கொள்ள இயலாது.

'நிறை பெருக்கல் முடுக்கமே விசை' என்று சுருக்கலாமே என்பீர்கள். அளவு சரி, ஆனால் கை F எழுதும்போது செவியில் 'நிறை' விழுகின்றது! குறியும் பொருளும் மாறிப் பதிந்துவிடும். 'விசை, நிறை பெருக்கல் முடுக்கம்' என்பதே தக்கது. உருபுகளை நீக்கியதால் உயிரொலி பத்து. வரிசையும் கையின் வரிசையே.

இனி, இதழ் பொருத்தம். பகரமும் மகரமும் இதழ் இயையப் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது. தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவது இது. விசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பல்லிதழ் ஒலியிலேயே தொடங்குவதால் நம் 'விசை' அங்கே இயல்பாகப் பொருந்துகின்றது. ஆனால் நிறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மகரத்தில் தொடங்குவது; திரையில் இதழ் மூடும், 'நிறை'யில் மூடாது. 'பொருண்மை' என்றால் மூடும். அதற்காக மாற்றலாமா? கூடாது. பாடநூலில் மாணவன் கற்ற சொல் 'நிறை'. இதழுக்காகக் கலைச்சொல்லை மாற்றினால் தேர்வறையில் அவன் தடுமாறுவான். முகம் திரையை நிறைத்து நிற்கும் சில இடங்களில் மட்டும், அதுவும் கலைச்சொல் அல்லாத சொற்களில், இதழைப் பாருங்கள். அங்கும் தொடக்கமும் முடிவும் ஒத்தால் போதும். நெடுந்தொடர் எதுவும் அடங்காதபோது, மூலக்குரலை ஒரு நொடி கேட்கவிட்டுப் பின் அதனைத் தாழ்த்தித் தமிழைத் தொடங்குவதே நேர்மையான வழி.

குரலுக்கு உரியவர் யார்? இனிய குரலினரைத் தேடி அலைய வேண்டா. அப்பாடத்தை நடத்தியவரைத் தேடுங்கள். 'நிறை மாறாதபோது' என்னும் இடத்தில் எச்சொல்லை அழுத்துவதென்று அவருக்கே தெரியும். பதிவு முடிந்ததும் முகத்தை மறைத்துக் கையை மட்டும் பார்த்து ஒருமுறை ஓட்டுங்கள். எழுதும் குறியும் கேட்கும் சொல்லும் பிரியும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் மீண்டும் பதியுங்கள்.