ஓம் என்று சொன்னால் போதாது
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவளைப் பேசக் கூப்பிட்டால் அவள் இலக்கணம்தான் பேசுவாள். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

என்னிடம் படித்த ஒருத்தி இலண்டனில் இருக்கிறாள். ஒரு சத்திரசிகிச்சைக்காக இரவு முழுவதும் பட்டினி கிடந்து காலையில் வைத்தியசாலைக்குப் போனாள். தாதி படிவத்தோடு வந்து, "யூ ஹாவின்ற் ஈற்றன் எனிதிங், ஹாவ் யூ?" என்று கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லைத்தானே என்பது பொருள். இவள் "யெஸ்" என்றாள். தாதியின் முகம் மாறியது. சாப்பிடவில்லை என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் இவளுடைய முறை வேறொருவருக்குப் போய்விட்டது. மாலைவரை காத்திருந்தாளாம்.

அவள் சொன்னது தமிழுக்குச் சரி. "சாப்பிடேல்லைத்தானே?" என்றால் "ஓம், சாப்பிடேல்லை" என்கிறோம். நம்முடைய ஓம், கேட்டவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆங்கிலத்தின் யெஸ்ஸும் நோவும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததையே பார்க்கின்றன. சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ. கேள்வி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் இதுதான் விதி.

மறுபுறம் இன்னும் ஆபத்தானது. உண்மையில் ஒரு பிஸ்கற் சாப்பிட்ட ஒருத்தி, "இல்லை, சாப்பிட்டனான்" என்ற நினைப்பில் "நோ" என்று மட்டும் சொன்னால், அவள் சாப்பிடவில்லை என்றே தாதி எழுதிக்கொள்வாள். மயக்க நிலையில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். அதற்காகத்தானே பட்டினி இருக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே யெஸ், நோ என்பதோடு நிற்காதீர்கள். கேள்வியில் வந்த துணைவினையைத் திருப்பிக் கொடுங்கள்: "நோ, ஐ ஹாவின்ற்", அல்லது "யெஸ், ஐ ஹாவ்". முதற்சொல் தடுமாறினால்கூட, இரண்டும் பொருந்தாததைக் கண்டு கேட்டவர் மறுபடி கேட்பார்.

இந்தச் சிறிய வால் இன்னொரு வேலையும் செய்கிறது. நாங்கள் வெறும் "ஓம்" என்று எப்போதாவது சொல்கிறோமா? "ஓம் அக்கா", "ஓம் ரீச்சர்" என்கிறோம். அந்த உறவுச்சொல்தான் பதிலை மெதுமையாக்குகிறது. ஆங்கிலத்தில் அயலவரை அக்கா என்று கூப்பிட முடியாது. அங்கே அந்த வேலையைத் துணைவினை செய்கிறது. "டூ யூ லிவ் நியர் ஹியர்?" என்று புது அயலவர் கேட்க, "யெஸ்" என்று மட்டும் சொன்னால் கதவைச் சாத்தியதுபோல் இருக்கும். "யெஸ், ஐ டூ" என்றால் கதவு திறந்திருக்கும். "ஆர் யூ" என்றால் "ஐ ஆம்", "கான் யூ" என்றால் "ஐ கான்". ஆனால் தேநீர் வேண்டுமா என்று கேட்பவருக்கு இது வேண்டாம். அங்கே "யெஸ், பிளீஸ்", "நோ, தாங்க் யூ" என்பவைதான் பொருத்தம்.

இனி, நாங்களே வால் வைத்துப் பேசுவது. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே "தானே" போதும். அந்தப் பழக்கத்தில் "யூ ஆர் கமிங், நோ?" என்கிறோம். இலங்கையில் அது எல்லோருக்கும் விளங்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே போனால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அங்கே துணைவினையைத் திருப்பி, உடன்பாட்டை எதிர்மறையாக்கி, எதிர்மறையை உடன்பாடாக்கிக் கேட்க வேண்டும்: "யூ ஆர் கமிங், ஆரின்ற் யூ?"

குரலையும் கவனியுங்கள். பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் "இற்ஸ் கோல்ட், இஸின்ற் இற்?" என்று கடைசியில் குரலை இறக்கினால் அவர் தகவல் கேட்கவில்லை, கதைக்க அழைக்கிறார். "யெஸ், இற் இஸ்" என்று சொல்லி, "இற் வோஸ் வோர்மர் யெஸ்ரர்டே" என்று ஒன்றைச் சேர்த்தால் பேச்சு தொடங்கிவிடும். குரலை ஏற்றினால் அது உண்மையான கேள்வி. "த பஸ் ஹாஸின்ற் கோன், ஹாஸ் இற்?" என்று ஏற்றிக் கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாது. குளிரில் நடுங்கிக்கொண்டு குளிரைப் பற்றிக் குரலை ஏற்றிக் கேட்டால், உங்களுக்கு அதில் சந்தேகம் இருப்பதுபோல் ஒலிக்கும்.

என்னுடைய பேச்சு நீண்டுவிட்டது. "இற் ஹாஸ் பீன் ரூ லோங், ஹாஸின்ற் இற்?" குரலை இறக்கித்தான் கேட்கிறேன். ஆனாலும் "நோ, இற் ஹாஸின்ற்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு என் நன்றி.