நூலை மூடிக் கற்போம்



ஏழு தத்துவங்களைப் படிக்கும் மாணவர், பக்கத்தைப் பலமுறை வாசித்து, வண்ணக் கோடும் இடுகிறார். சொற்கள் பழகிய முகங்களாகின்றன. அப்பழக்கத்தையே மனம் அறிவென்று கொள்கிறது. ஆனால் கண்ட முகத்தை அடையாளம் காண்பது வேறு; காணாதபோது பெயரை நினைந்து சொல்வது வேறு.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். ஒரு பகுதியை நான்கு தவணைகளிலும் வாசித்தோரே ஐந்து நிமிடம் கழித்து முந்தினர். ஒரு வாரம் சென்றபின் அவர்கள் நினைவில் நின்றது 40 விழுக்காடே. ஒரு தவணை வாசித்து, மூன்று தவணை நூலின்றி நினைந்தெழுதியவர்க்கோ 61 விழுக்காடு நின்றது. நினைவிலிருந்து தேடியெடுக்கும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது.

ஆகவே கருத்தூன்றி வாசித்தபின் நூலை மூடுங்கள். ஏழினையும் வெற்றுத்தாளில் விளக்கத்துடன் எழுதுங்கள். பலர் செறிப்பையும் உதிர்ப்பையும் மாற்றி எழுதுவர். புதுவினை வாராமல் தடுப்பது செறிப்பு. பழவினை நீங்குவது உதிர்ப்பு. வாசிக்கையில் ஒளிந்திருந்த மயக்கம் தாளில் வெளிப்படும். உடனே நூலைத் திறந்து திருத்துங்கள். இல்லையேல் பிழையே பதியும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எழுதுங்கள்.

பொருள் விளங்காதவர்க்கு இம்முறை மட்டும் உதவாது. அவர் முதலில் ஆசிரியரை வினவ வேண்டும். நம் சுவாத்தியாயத்தின் ஐந்து வகைகளுள் வாசித்தல் ஒன்றே. வினவல், சிந்தித்தல், ஓதுதல், எடுத்துரைத்தல் ஆகியவை அதன்பின் வருவன.