மீசையில் வழிந்த தேன்மது

அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட ருசிய நாட்டுப்புறக் கதைகளுட் சில திருமண விருந்தில் முடிகின்றன. அப்போது கதைசொல்லி தாமே கதைக்குள் நுழைகிறார். விருந்தில் தாமும் இருந்ததாகவும், தேன்மதுவும் பீரும் குடித்ததாகவும், அவை மீசையில் வழிந்தனவேயன்றி வாய்க்குள் செல்லவில்லை என்றும் கூறுகிறார். கதை பொய்யென்பதை ஒப்புக்கொள்ளும் குறும்பு இது. தம் தாகத்தைக் கேட்போருக்கு உணர்த்தும் குறிப்புமாம்.

இதற்கு ஈடாக, ‘என்றும் இன்புற்று வாழ்ந்தனர்’ என்னும் ஆங்கில முடிப்பை வைத்தால் கதைசொல்லி மறைந்துவிடுகிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ, அவர் குடிக்கத் தெரியாதவராகத் தோன்றுகிறார். ஏனெனில் மூலத்தில் ‘இருந்தேன்’, ‘குடித்தேன்’ என்னும் பொருளுடைய இரு குறுஞ்சொற்கள் இயைபுற்று, இது விளையாட்டுப் பேச்சு என அறிவிக்கின்றன. ஆங்கிலத்தில் அவ்வோசை இல்லை.

ஆகவே நாம் மீசையை விட்டுக்கொடுக்கலாம். மது முகவாயில் வழிந்தது என்றால், முகவாயைக் குறிக்கும் ‘சின்’ என்னும் ஆங்கிலச் சொல், ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘இன்’ என்பதோடு இயைகிறது. உருவம் சிறிது மாறுகிறது. குறும்பும் தன்மைக் கூற்றும் நிலைக்கின்றன. பெயர்த்ததை உரக்கப் படித்துப் பார்ப்போம்: கடைசிச் சொல்லில் கேட்போர் முறுவலித்தால், கதைசொல்லி இன்னும் அங்கிருக்கிறார்.